வாணல்ல வறுத்த காப்பிக்கொட்டை வெளிய கருப்பு, குடிச்சா பச்சை வாடை, எங்க தப்பு பண்றேன்?

சேலத்துக்காரி: ஏற்காட்டுல தெரிஞ்சவங்க தோட்டத்துலேர்ந்து 2 கிலோ பச்சை காப்பிக்கொட்டை குடுத்தாங்க, அரபிகா, தரம் பிரிக்காதது. நேத்து இரும்பு வாணலை நல்லா புகைய காய வெச்சு கால் கிலோ கொட்டி, பெரிய தீயிலயே வறுத்தேன். 3 நிமிஷத்துல அங்கங்க கரும்புள்ளி, 5 நிமிஷத்துல ஒரே புகை, படபடன்னு ஏதோ சத்தம், அது முதல் வெடிப்பா ரெண்டாவதான்னு புரியல, பயந்து எறக்கிட்டேன். ஃபில்டர்ல போட்டா கருகின கசப்பும் இருக்கு, பச்சை வேர்க்கடலை வாடையும் புளிப்பும் இருக்கு. இன்னும் வறுக்கணுமா இல்ல கம்மியா வறுக்கணுமா? மீதி கொட்டைய வீணாக்க மனசு வரல.

கும்பகோணம் மாமி: தீ ஜாஸ்திம்மா. எங்காத்துல சிம்ல வெச்சு அரைமணி நேரம் வறுப்போம், கடைசில ஒரு சொட்டு நெய் விட்டா பளபளன்னு வரும், எறக்கலாம்னு அதுலயே தெரிஞ்சுடும்.

ராஜா_78: புளிப்புக்கு சிக்கரி கம்மியா போட்டிருப்பீங்க, 70க்கு 30 போட்டு பாருங்க சரியாயிடும்.

சேலத்துக்காரி: சிக்கரியே போடலைங்க, வறுக்கறதுலதான் சந்தேகம்.

பழனிமலை: வறுத்த கொட்டைல ஒண்ணை ரெண்டா உடைச்சு உள்ள என்ன நிறம்னு சொல்லுங்க. தட்டையான பக்கத்துல வட்டமா கருகல் இருக்கான்னும் பாருங்க.

சேலத்துக்காரி: உடைச்சேன் அண்ணா. வெளிய கருப்பு, நடுவுல சுக்கு நிறம். தட்டைப் பக்கத்துல மிளகு சைஸ்ல கருகல் நிறைய கொட்டைல இருக்கு.

பழனிமலை: அப்ப வெளிய அதிகமாவும் உள்ள கம்மியாவும் வறுபட்டிருக்கு, அதான் ரெண்டு ருசியும் ஒண்ணா வருது. தட்டைப் பக்கம்தான் இரும்புல ஒட்டி உக்காரும், அதான் அங்க மொதல்ல கருகுது. கால் கிலோ அந்த வாணலுக்கு ரொம்ப ஜாஸ்தி, அடியில இருக்கறது கருகும் மேல இருக்கறது சூடே ஆகாது. 120 கிராம் போடுங்க, வாணல் புகையறதுக்கு முன்னாடியே போட்டு மிதமான தீயில விடாம கிண்டுங்க. 4, 5 நிமிஷத்துல பச்சை போயி வைக்கோல் மஞ்சள் ஆகணும், வாசனையும் வைக்கோல் மாதிரிதான் இருக்கும், அதுக்கு முன்னாடி புள்ளி விழுந்தா தீயைக் குறைங்க. அப்புறம் ரொட்டி சுடற வாசம் வரும், மெல்லிசா தோல் உதிரும், நிறம் பட்டை மாதிரி ஆகும். 9, 10 நிமிஷத்துல முதல் வெடிப்பு, உள்ள இருக்கற ஆவி கொட்டையைப் பிளக்கறது அது, வேர்க்கடலை ஓடு உடையற மாதிரி டொக்கு டொக்குன்னு தனித்தனியா கேக்கும், கொட்டையும் உப்பும். அது அடங்கி கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும், அந்த இடைவெளிதான் முக்கியம். ரெண்டாவது சத்தம் மெல்லிசா, வேகமா, கடுகு பொரியற மாதிரி நெருக்கமா வரும், புகையும் நீலமா கெளம்பும். ஃபில்டர் காப்பிக்கு அது ஆரம்பிக்கறப்பவே எறக்கிடுவேன்.

மாமி, தீயைப் பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா அரைமணி நேரம் இழுத்தா வாசனை செத்து சப்புன்னு ஆயிடும். பளபளப்பும் நெய்யால வந்ததா கொட்டையோட எண்ணெய்யான்னு தெரியாம போயிடும்.

கும்பகோணம் மாமி: எங்க டிகாக்‌ஷனை யாரும் சப்புன்னு சொன்னதில்ல 🙂 நாங்க வாங்கறது பீபெரி, உருண்டையா இருக்கும், தானா உருண்டு சமமா வறுபடும், அதனால இருக்குமோ என்னவோ.

இண்டக்‌ஷன்வாசி: எனக்கு வெடிப்பே கேக்கறதில்ல. நான்ஸ்டிக் தவா, எவர்சில்வர் கரண்டி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது.

பழனிமலை: கரண்டி சத்தமும் ஃபேனும்தான் அதை முழுங்குது, மரக்கரண்டி எடுங்க. கொட்டைய வறுக்க 200 டிகிரிக்கு மேல போகணும், நான்ஸ்டிக் பூச்சுக்கு அது நல்லதில்ல, இரும்புக்கு மாறிடுங்க.

சேலத்துக்காரி: இன்னிக்கு 120 கிராம் போட்டேன். 5 நிமிஷத்துல மஞ்சள், பத்தாவது நிமிஷம் முதல் டொக்கு தெளிவா கேட்டுச்சு அண்ணா! 12 நிமிஷத்துல எறக்கி உடனே ரெண்டு சல்லடைல மாத்தி மாத்தி கொட்டி டேபிள் ஃபேன்ல ஆத்தினேன், உமி வீடு முழுக்க பறந்துச்சு. எடை 101 கிராம். உடைச்சா உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட ஒரே நிறம். ஆனா அந்த அமைதி இடைவெளி வரவே இல்ல, டொக்கு முடியறதுக்குள்ள கடுகு சத்தம் கலந்துடுச்சு, ஏன்?

பழனிமலை: 120க்கு 101 நல்ல கணக்குதான். தரம் பிரிக்காத கொட்டைன்னா சின்னது முந்திக்கும் பெருசு பிந்தும், அதனால கலந்திருக்கலாம், இல்லன்னா முதல் வெடிப்பு வந்தப்புறமும் தீ அதே அளவுல இருந்திருக்கும். ஒரு தடவை சல்லடைல சலிச்சு பெருசு மட்டும் வறுங்க, இன்னொரு தடவை சலிக்காம முதல் டொக்குலயே தீயைக் குறைச்சுப் பாருங்க. ரெண்டுல எதுன்னு அப்பதான் தெரியும். இன்னிக்கு வறுத்ததை நாளன்னிக்கு அரைங்க, இப்பவே போட்டா நுரைச்சு பொங்கி டிகாக்‌ஷன் ஒழுங்கா எறங்காது.

சேலத்துக்காரி: சரிங்க அண்ணா, ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பண்ணிட்டு வந்து எழுதறேன்.