பொங்கல் காலைப் பூ விநியோகம்: தொலைபேசியில் சொல்லும் வார்த்தைகளைத் திருத்தித் தாருங்கள்

வணக்கம். கல்லடியில் பூவும் மாலையும் பூசைப் பொருட்களும் விற்கிறேன். மல்லிகை மொட்டு மாலையில் விரியத் தொடங்கி விடிவதற்குள் நிறம் மங்கிவிடுவதால், முதல்நாள் கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைக்கிறேன். கடந்த பொங்கலன்று அவசரத்தில் தண்ணீர் தெளித்துப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டியவை இதழோரம் பழுத்துத் திரும்பி வந்தன, பிழை என்னுடையதுதான். இம்முறை இப்படிச் சொல்ல எண்ணுகிறேன்:

“அம்மா, மல்லிகைச் சரம் 4.30க்கும் 5.15க்கும் இடையில் வரும். செவ்வரத்தை விடிந்து விரிந்தபின்தான் பறிப்பதால் 6.30க்குப் பிறகே தர முடியும். வாங்கியதும் பையைத் திறந்து வையுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம்.”

செவ்வரத்தை பிந்துவதைச் சாட்டு என்று நினைக்காதபடி இதை எப்படிச் சொல்லலாம்? முதல்நாள் மாலை 6 மணிக்குப் பின் வரும் ஓடர்களை மனம் நோகாமல் மறுக்கவும் ஒரு வாக்கியம் எழுதித் தாருங்கள்.