புதுப்பிப்பு: சென்னை சென்ட்ரலில் பிரீபெய்ட் கவுண்டரா, ஆப் டாக்சியா?

"அம்மாவோடு இரவில் சென்ட்ரலில் இறங்குகிறோம், கவுண்டரில் காசு கட்டுவதா, ஆப்பில் பிடிப்பதா?"

கிளிநொச்சியிலிருந்து கேட்டதற்குப் பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கவுண்டர்தான் சரிவந்தது.

ஆப்பில் காட்டிய தொகை குறைவு. ஆனால் சாரதி அழைத்து, போகும் இடத்தைக் கேட்டுவிட்டு, மேலே 100 ரூபாய் கேட்டார். ரத்துச் செய்தேன்.

வவுனியா அண்ணை எழுதியபடி, கவுண்டரில் தந்த துண்டை இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன். நாங்கள் ஏறும்போதே சாரதி அதைக் கேட்டார். "வாசலில இறங்கினதும் தாறன் அண்ணை" என்றதும் விட்டுவிட்டார்.

"கட்டினால் பிறகு ஒன்றும் கேட்கமாட்டினம்" என்று முல்லைத்தீவு அக்கா சொன்னது பாதி சரி. துண்டில் பகுதியின் பெயர் மட்டும் இருந்ததால், லொட்ஜ் இருக்கிற உள்தெருவுக்கு மேலதிகம் கேட்டார். அம்மாவுக்கு நடக்க ஏலாது, கொடுத்தேன். காசு கட்டும்போதே தெருப் பெயரையும் எழுதுவியுங்கள்.

விமான நிலையக் கவுண்டர் பற்றிக் கேட்ட தம்பிக்கு, அங்கே போனவர்கள்தான் சொல்லவேண்டும்.