ஏழாம் மாதத்தில் ஃப்ளூ: கவனித்தவர்கள் எழுதுங்கள்

பிரசவ வார்டு செவிலி
கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்து பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன்.

28 வாரம். கணவருக்கு ஏற்கெனவே மூன்று நாளாக ஃப்ளூ. திங்கள் மாலை ஆறு மணிக்கு இவருக்குக் குளிர் நடுக்கம், அடித்துப் போட்டது போல உடம்பு வலி, 102 டிகிரி காய்ச்சல். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரையே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் முழுவதும் நெற்றியில் ஈரத்துணி மட்டும்தான். புதன் காலை பத்து மணிக்கு எங்களிடம் வந்தார்.

வந்ததும் மூக்கில் மாதிரி எடுத்தோம். முடிவு மறுநாள்தான் வரும். டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஓசெல்டாமிவிர் 75 மில்லிகிராம் அப்போதே ஒன்று, பிறகு காலை இரவு என்று ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி அதற்குள் 40 மணி நேரம் ஓடியிருந்தது. இந்த மருந்து, செல்லுக்குள் உருவான புது வைரஸ் வெளியேறிப் பரவுவதைத்தான் தடுக்கிறது. பரவி முடித்ததை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். பரிசோதனை முடிவு வரட்டும் என்றிருந்தால் அந்த அவகாசம் போயிருக்கும். தாண்டிவிட்டாலும் கர்ப்பிணிக்கு மருந்தைக் கைவிடுவதில்லை, பலன் குறையும், அவ்வளவுதான்.

படுத்திருக்கும்போது ஆக்ஸிஜன் அளவு 96 இருந்தது. கழிப்பறைக்கு நடந்து போய் வந்ததும் 93. நடக்க வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஏழாம் மாதத்தில் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளிவிடும். நுரையீரலில் மிச்சம் பிடித்துவைக்க இடம் குறைவு, ஆனால் இரண்டு உயிருக்கு ஆக்ஸிஜன் வேண்டும். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே போனால் நாங்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தோம், மூன்றாம் நாள் நடந்தாலும் 97 நின்றது.

மருந்தாளுநர்
நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர் எதிரானது, மருந்து கூடிப்போவது. ஆறாம் மாதத்தில் ஒருவருக்குச் சளி காய்ச்சல் என்று வீட்டார் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒன்று 'சளி மாத்திரை', இன்னொன்று பாராசிட்டமால் 650. இரண்டையும் நாளைக்கு நான்கு வேளை. சளி மாத்திரையின் அட்டைப் பின்புறத்தில் சின்ன எழுத்தில் பாராசிட்டமால் 500 என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான்கு 650 என்றால் 2600, நான்கு 500 என்றால் 2000, மொத்தம் 4600 மில்லிகிராம். 24 மணி நேரத்துக்கு 4000 தாண்டக்கூடாது, மெலிந்தவர்களுக்கு அதற்கும் கீழே. கூடினால் கல்லீரலுக்கு ஆகாது.

அதே மாத்திரையில் ஃபினைலெஃப்ரினும் இருந்தது. மூக்கடைப்பைத் திறக்க இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்புள்ள கர்ப்பிணிக்கு அது வேண்டவே வேண்டாம். காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

மூன்றாம் மாதம்
எனக்கு மூன்று நாளாக மூக்கடைப்பும் தும்மலும். காய்ச்சல் இல்லை. நானும் அந்த ஓசெல்டாமிவிர் போட்டுக்கொள்ளட்டுமா அக்கா?

பிரசவ வார்டு செவிலி
வேண்டாம்மா. அது ஃப்ளூவுக்கு மட்டும், சாதாரண ஜலதோஷத்துக்குக் கேட்காது. ஃப்ளூ கொஞ்சம் கொஞ்சமாக வராது. காலையில் நன்றாக இருந்தவர் மதியம் படுத்துவிடுவார். 100 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கடுமையான காய்ச்சல் நீடித்தால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாவதில் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதும் பாதுகாப்பு இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
பாராசிட்டமால் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்கிறார்களே. எனக்கு உடம்பு வலிக்கு ஐபுப்ரொஃபென்தான் நன்றாகக் கேட்டது, அதையே போடலாமே? தடுப்பூசியும் நான்காம் மாதத்துக்கு முன் போடவே கூடாது என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

மருந்தாளுநர்
ஐபுப்ரொஃபென் வேண்டாம் அக்கா. 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும், பனிக்குட நீர் வற்றும். அந்த நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். 30 வாரம் வாக்கில் இன்னும் மோசம், பிறந்தபின் மூட வேண்டிய இதய இரத்தக் குழாய் வயிற்றிலேயே சுருங்கத் தொடங்கலாம். டைக்ளோஃபெனாக்கும் இதே வகைதான்.

ஆட்டிசம் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்து 2024இல் வந்த ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. விவாதம் ஓயவில்லை. 102 டிகிரி காய்ச்சலோடு இருப்பவருக்கு நான் பாராசிட்டமால்தான் சொல்வேன், தேவையான அளவு, தேவையான நாள் மட்டும்.

பிரசவ வார்டு செவிலி
தடுப்பூசி விஷயம் பாதி சரி. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயில் உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் இருக்கிறது. கர்ப்பத்தில் அது எந்த மாதத்திலும் கிடையாது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, எந்த மாதத்திலும் போடலாம். 2012இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கே என்றது. இன்னும் சில டாக்டர்கள் முதல் மூன்று மாதம் போகட்டும் என்பார்கள். ஊரில் ஃப்ளூ பரவாத சமயமானால் அந்தத் தாமதத்தால் பெரிய நட்டமில்லை. பரவிக்கொண்டிருக்கும்போது காத்திருக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். எதிர்ப்பு சக்தி உருவாகவே இரண்டு வாரம் ஆகும்.

முதல்முறை அப்பா
மனைவிக்கு 30 வாரம். ஓசெல்டாமிவிர் இரண்டு வேளை போட்டதும் வாந்தி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டோம். காய்ச்சலும் குறைந்துவிட்டது, பரவாயில்லைதானே?

பிரசவ வார்டு செவிலி
தம்பி, வாந்தி இந்த மருந்தில் சாதாரணம். வெறும் வயிற்றில் கொடுத்தீர்களா? ஏதாவது சாப்பிட வைத்து, அதன்மேல் கொடுங்கள். காய்ச்சல் விட்டாலும் ஐந்து நாள் முடியவேண்டும். நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லி உங்கள் டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது: பேசும்போது மூச்சு இரைக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறதா, குழந்தை வழக்கத்தைவிடக் குறைவாக அசைகிறதா. குறைந்த காய்ச்சல் இரண்டு நாள் கழித்து இருமலோடு திரும்பினால் நிமோனியாவாக இருக்கலாம். இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

மூன்றாம் மாதம்
அக்கா, நீங்கள் சொன்ன 28 வாரத்துக்காரருக்கு ஃப்ளூ வந்து போய்விட்டதே, இனி ஊசி வேண்டாம்தானே?

பிரசவ வார்டு செவிலி
போட்டோம்மா, 31ஆம் வாரத்தில். அவருக்கு வந்தது ஒரு வகை, ஊசியில் மற்ற வகைகளும் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அதற்கு இருக்கும் காவல் அம்மாவின் இரத்தம் வழியாகப் போன எதிர்ப்பு சக்திதான்.