சம்பந்தி வீட்டு அழைப்பிதழில் 'காரி'
(மீனா திருமணத்துக்கான குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த உரையாடல்)

நித்யா: அனைவருக்கும் வணக்கம். விஜயவாடாவிலிருந்து சம்பந்தி வீட்டார் தெலுங்கு அழைப்பிதழை அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொன்னேன். அப்பா பெயர் வரும் வரியை அவர் 'ஸ்ரீ சுப்பாராவு காரி த்விதீய புத்ருடு' என்று படித்தார். பேசும்போது எல்லோரும் மரியாதைக்காகப் பெயருக்குப் பின்னால் 'காரு' என்றுதானே சொல்கிறார்கள், இங்கே மட்டும் 'காரி' என்று இருப்பது அச்சுப்பிழையா? தமிழில் இதை எப்படி எழுதுவது?

செந்தில்: 'காரு' என்பது நம்முடைய 'காரர்' தான், நித்யா. வீட்டுக்காரர், கடைக்காரர் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் பெயருக்குப் பின்னால் சேர்க்கிறார்கள். நீ முன்னால் 'திரு' போட்டுவிட்டால் அதுவே போதும்.

மோகன் சித்தப்பா: செந்தில் சொல்வதில் பாதி சரி. 'திரு' போடலாம் என்பது சரிதான், ஆனால் நம் 'காரன்' என்பதற்குத் தெலுங்கில் இணையாக நிற்பது வேட்டகாடு, ஆட்டகாடு ஆகிய சொற்களில் வரும் 'காடு'. அதே 'காடு' ஆண் பெயரோடு ஒட்டி 'ராமுகாடு' என்று வந்தால், தோழனையோ சின்னப் பையனையோ உரிமையோடு சொல்வதாகவோ, வேண்டாதவனை மட்டம் தட்டுவதாகவோ ஆகிவிடும். 'காரு' அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது. நான் ரயில்வேயில் விஜயவாடாவில் இருந்த காலத்தில், இந்த ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிப் பகையைச் சம்பாதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நித்யா, 'காரி' அச்சுப்பிழை அன்று. நாம் 'மரம்' என்பதை 'மரத்துக் கிளை' என்று சொல்லும்போது சொல்லின் வடிவம் மாறுகிறதல்லவா, அதைப் போல 'காரு' என்பதும் அடுத்து ஒரு பெயரோ வேற்றுமையோ வந்தால் 'காரி' ஆகிவிடும். 'சுப்பாராவு காரி இல்லு' என்றால் அவர் வீடு, 'சுப்பாராவு காரிகி' என்றால் அவருக்கு, 'சுப்பாராவு காரிதோ' என்றால் அவரோடு. இருவர் பெயரைச் சேர்த்துச் சொன்னால் 'கார்ல' என்றும் வரும். ஆகையால் 'திரு. சுப்பாராவ் அவர்களின் இரண்டாவது புதல்வர்' என்று எழுது. அந்த 'அவர்களின்' என்ற ஒரு சொல்லே 'காரி' செய்யும் வேலை முழுவதையும் செய்துவிடும். 'சுப்பாராவ் காரு அவர்களின்' என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடாதே.

பத்மா அத்தை: எனக்கு வேறொரு வருத்தம் இருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் 'காரி' போட்டிருக்கிறார்கள், நம் மீனாவின் பெயருக்கு முன்னால் மட்டும் 'சி.ல.சௌ.' என்று மூன்று எழுத்துகள்தான் இருக்கின்றனவாம். பெண் வீட்டார் என்பதால் மரியாதையைக் குறைத்துவிட்டார்களா என்று மனம் கேட்கிறது.

மோகன் சித்தப்பா: அக்கா, அது சிரஞ்சீவி லக்ஷ்மி சௌபாக்கியவதி என்பதன் சுருக்கம். மாப்பிள்ளையின் பெயருக்கும் 'சி.' மட்டும்தான் இருக்கும், 'காரு' இருக்காது. நித்யாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அழைப்பவர்கள் பெரியவர்கள், மணமக்கள் ஆசி பெறும் இடத்தில் இருக்கிறவர்கள். நாமும் 'திருவளர்ச்செல்வி மீனா' என்று போடுகிறோமே தவிர 'மீனா அவர்கள்' என்று நம் வீட்டு அழைப்பிதழில் போடுவதில்லை.

நித்யா: ஆம் அத்தை, மாப்பிள்ளை பெயருக்கும் 'சி.' மட்டும்தான் இருக்கிறது.

கௌரி: ஹைதராபாத்தில் என் அலுவலகத்தில், ஆங்கில மின்னஞ்சலிலேயே 'டியர் கௌரி காரு' என்றுதான் எழுதுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்தபோது வயதானவளாக ஆக்கிவிட்டார்களோ என்று தோன்றியது. இப்போது அது பிடித்துவிட்டது, ஏனென்றால் 'மேடம்' என்றால் என் பெயர் மறைந்துவிடுகிறது, வெறும் 'கௌரி' என்றால் பழக்கமில்லாதவர் வாயில் உறுத்துகிறது. 'கௌரி காரு' என்பதில் பெயரும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. தமிழில் பேசும்போது இந்த இடத்தை நிரப்ப நமக்கு 'சார்', 'மேடம்', 'அக்கா' தவிர என்ன இருக்கிறது?

மோகன் சித்தப்பா: நல்ல கேள்வி. 'அவர்கள்' மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது, வாசலில் நின்று 'கௌரி அவர்களே' என்று யாரும் கூப்பிடுவதில்லை. நம் பேச்சில் மரியாதை பெரும்பாலும் வினையில் ஒட்டும் 'ங்க'-வில்தான் இருக்கிறது. 'மாமா வாங்க' என்றாலே போதும். தெலுங்கில் அந்த 'ங்க'-வுக்கு இணையாக 'ரண்டி', 'கூர்ச்சோண்டி' என்பதிலுள்ள 'அண்டி' இருக்கிறது, அதற்கு மேலேதான் 'காரு'. உறவுச் சொல்லோடும் அது சேரும். என்.டி. ராமாராவை ஆந்திராவில் 'அன்னகாரு' என்றே சொல்வார்கள், நாம் அறிஞர் அண்ணாவை வெறும் 'அண்ணா' என்றே சொல்லி அதிலேயே மரியாதையை வைத்துக்கொண்டோம்.

பத்மா அத்தை: அப்படியானால் மீனா தன் மாமியாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடு.

மோகன் சித்தப்பா: 'அத்தகாரு' அல்லது 'அத்தய்யகாரு' என்று சொல்லலாம், அந்த வீட்டில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் வினையைக் கவனிக்க வேண்டும், தமிழர்கள் தடுமாறுவது அங்கேதான். 'காரு' சொன்னால் வினை 'வச்சாரு' என்று முடிய வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. 'காரு' இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது தெலுங்கில் 'வச்சிந்தி' என்று வரும். பேருந்து வந்தாலும் பசு வந்தாலும் அதே 'வச்சிந்தி' தான், 'வந்தாள்' என்று தனியாக ஒரு முடிவு அங்கே கிடையாது. தாயைப் பற்றி 'அம்மா வச்சிந்தி' என்று பாசத்தோடு சொல்வார்கள், நம் ஊர்ப்பக்கம் 'அம்மா வந்துச்சு' என்பதைப் போல. ஆனால் புதிதாக வந்த மருமகள் 'அத்தகாரு வச்சிந்தி' என்றால், முன்பாதியில் கொடுத்த மரியாதையைப் பின்பாதியில் பிடுங்கிக்கொண்டதாகக் கேட்பவர் காதில் விழும்.

செந்தில்: ஒன்று கவனித்தேன் சித்தப்பா. 'மாமியார்', 'மாமனார்' என்பவற்றில் இருக்கும் 'ஆர்' இதே வேலையைத்தானே செய்கிறது?

மோகன் சித்தப்பா: மிகச் சரி. தாயார், தகப்பனார் என்பவையும் அவ்வகைதான். ஆனால் நம் 'ஆர்' சில சொற்களில் உறைந்துவிட்டது, இன்றைக்கு ஒருவர் பெயரோடு அதைச் சேர்க்க நினைத்தால் பாரதியார் போன்ற பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். 'காரு' பால்காரர் முதல் கலெக்டர் வரை இன்றும் எந்தப் பெயரோடும் சேர்கிறது.

நித்யா: ஆங்கில அட்டைதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. அவர்கள் பெயரில் முதலில் வருவது இண்டி பேரு, அதாவது குடும்பப் பெயர். 'மிஸ்டர்' என்பதைக் குடும்பப் பெயரோடு போடுவதுதான் ஆங்கில முறை என்று அச்சகத்தில் சொல்கிறார்கள்.

மோகன் சித்தப்பா: அதைக் கேட்காதே. 'காரு' பெரும்பாலும் ஆளின் பெயரோடு வருவது, இண்டி பேரோடு வருவது குறைவு. நந்தமூரி தாரக ராமாராவு என்ற பெயரில் நந்தமூரி இண்டி பேரு, மக்கள் சொன்னது 'ராமாராவு காரு'. 'மிஸ்டர் நந்தமூரி' என்றால் அந்தக் குடும்பத்தில் யாரை என்றே தெரியாது. முழுப் பெயரையும் எழுதி முன்னால் 'ஸ்ரீ' போட்டுவிடு.

கௌரி: நான் 'ஸ்ரீ' போடாமல் ஆங்கிலத்திலும் 'காரு' என்றே எழுதலாம் என்பேன். அங்கே அனைவருக்கும் அது பழகிய எழுத்துதான்.

மோகன் சித்தப்பா: மின்னஞ்சலில் சரி, அழைப்பிதழில் எனக்கு ஒப்புதல் இல்லை. நம் பக்கத்து விருந்தினர்களுக்கு அது பெயரின் ஒரு பகுதி போலத் தோன்றும்.

நித்யா: அப்படியானால் 'ஸ்ரீ' போட்டும் 'காரு' போட்டும் இரண்டு ஆங்கிலப் படிகளை எடுத்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிறேன், அவர்கள் பெயரை அவர்களே முடிவு செய்யட்டும். தமிழ்ப் படியை 'அவர்களின்' என்று திருத்தி இன்று மாலைக்குள் இங்கே பதிவிடுகிறேன், எல்லோரும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.