வெயிலில் சுருங்கிய அப்பாவின் கண்: எவ்வளவு திறக்கலாம்?

கனகராயன் கேட்டது:
வற்றாப்பளைப் பொங்கலுக்கு உறவினர் எல்லோரும் கூடிய அன்று மதியம் பன்னிரண்டரைக்கு, கோவில் வெளிவீதியில் ஒரு குடும்பப் படம் எடுத்தேன். அறுபத்தெட்டு வயது அப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக் கொண்டு நிற்கிறார். கனடாவில் இருக்கிற அக்கா அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார், அப்பாவின் கண்ணைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். ஃபோட்டோஷாப்பில் `Liquify` போய் `Eye Size` 40, `Eye Height` 60 வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இவர் ஏன் பேயைக் கண்டவர் மாதிரி முழிசுறார்?" என்றார். எங்கே பிழை விட்டேன்?

மல்லாவி வெட்டிங்:
தம்பி, `Eye Size` தொட்டதுதான் பிழை. அது கருவிழியையும் சேர்த்துப் பெரிதாக்கும், பொம்மைக் கண் வந்துவிடும். `Eye Height` மட்டும் கூட்டுங்கள். அதிலும் சுகமான வழி, அன்றைக்கே மர நிழலில் எடுத்த படம் ஒன்று இருந்தால் அதிலிருந்து கண்ணை வெட்டி ஒட்டுவது. கலியாண அல்பங்களில் நான் அப்படித்தான் செய்கிறேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

செம்மண்:
ஏன் இவ்வளவு பாடு? வெயிலில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் திறக்கச் சொல்லி உடனே அழுத்துங்கள். கண் கூச முன்னமே படம் விழுந்துவிடும். அல்லது பூவரச மரத்துக்குக் கீழே கொண்டு போங்கள்.

கனகராயன்:
நல்ல யோசனைதான் அண்ணை. ஆனால் படம் எடுத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறிவிட்டார்கள்.

பழைய இருட்டறை:
கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தவன், இப்போது திருத்த வேலை மட்டும் செய்கிறேன். மல்லாவித் தம்பி சொன்னதில் பாதி சரி. `Eye Size` வேண்டாம் என்பது சரி. ஆனால் `Eye Height` மட்டும் கூட்டினால் கருவிழி நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி நீளும். வட்டமாக இருக்க வேண்டியது வட்டமாக இல்லை என்பதை ஆட்கள் சொல்லத் தெரியாமலே உணர்வார்கள்.

முதலில் ஒன்றை அளந்து சொல்லுங்கள் கனகராயன். படத்தை நூறு வீதத்துக்குப் பெருப்பித்து, அப்பாவின் கருவிழி இடமிருந்து வலமாக எத்தனை பிக்சல் என்று பாருங்கள். பிறகு மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, முதல் படத்தில் எத்தனை, திருத்திய படத்தில் எத்தனை?

கனகராயன்:
கருவிழி அகலம் 48. இடைவெளி முதலில் 16, திருத்திய பிறகு 34.

பழைய இருட்டறை:
அதிலேயே கதை முழுக்க இருக்கிறது. வளர்ந்த ஆளின் கருவிழி ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் அகலம், ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. கண் எவ்வளவு சுருங்கினாலும் அந்த அகலம் தெரியும் என்பதால் அதையே அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் படத்தில் 4 பிக்சல் ஒரு மில்லிமீற்றர். அப்பாவின் கண் 4 மில்லிமீற்றர்தான் திறந்திருந்தது, நீங்கள் எட்டரைக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள். வீட்டு விறாந்தையில் இருந்து கதைக்கிற ஆளின் கண்ணே ஒன்பது பத்துத்தான் திறந்திருக்கும், வயது போனால் அதிலும் குறையும். நடு மதிய வெயிலில் எட்டரை திறந்து வைத்தால் அம்மா வேறென்ன சொல்வார்? மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் கிடக்கிறது, நெற்றி மினுங்குகிறது, அந்த வெயிலைப் பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்கு மட்டும் தெரியாதா?

இந்தப் படத்துக்கு 22 பிக்சல் போதும், மிஞ்சினால் 24. அதாவது ஐந்தரை, ஆறு மில்லிமீற்றர். வெயிலில் நிற்கிற ஆளாகவே இருப்பார், பார்வை மட்டும் தெரியும்.

மல்லாவி வெட்டிங்:
இத்தனை கணக்குப் பார்த்தால் ஒரு கலியாண அல்பம் முடிய மூன்று மாதம் ஆகும் ஐயா. நிழல் படத்துக் கண்ணை ஒட்டுவதில் என்ன குறை என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

பழைய இருட்டறை:
நிழலில் கண் இளகி இருக்கும். அதை வெயில் முகத்தில் ஒட்டினால் கண் ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலும் நிற்கும். கண்ணில் மினுங்குகிற ஒளிப்புள்ளியும் மாறும். மர நிழலில் பக்கத்து வானம் கண்ணில் பெரிதாக விழும். கோவில் வீதியில் வெயில் உச்சியில், புருவம் கண்ணுக்குக் குடை பிடிக்கிறது, வெளிச்சம் வெள்ளை மணலில் பட்டுக் கீழிருந்து வருகிறது. நிழல் படத்தின் தோல் நிறமும் கொஞ்சம் நீலம் அடிக்கும். சின்ன அச்சில் தப்பும். சுவரில் மாட்டுகிற படத்தில் தப்பாது.

உங்கள் யோசனை சரியாக வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதே இடத்தில் அதே நிமிடத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்கள். கனகராயன், எத்தனை தரம் அழுத்தினீர்கள்?

கனகராயன்:
ஏழு. அளந்து பார்த்தேன். நாலாவதில் அப்பாவின் கண் 19 பிக்சல் திறந்திருக்கிறது. ஆனால் அதில் சித்தி திரும்பிப் பார்க்கிறார்.

பழைய இருட்டறை:
அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. நாலாவதில் இருந்து அப்பாவின் முகத்தின் மேல் பாதியை எடுங்கள். கண்ணை மட்டும் வெட்ட வேண்டாம், புருவம், கன்ன மேடு எல்லாம் சேர்த்து எடுங்கள். 19ஐ 22 ஆக்குவது மூன்று பிக்சல் வேலை. 16ஐ 34 ஆக்குகிறபோது இல்லாத கண்ணை உருவாக்குகிறீர்கள்.

ஆட்கள் வழக்கமாக மேல் இமையைத் தூக்குகிறார்கள். வெயிலுக்குக் கண் சுருங்குவது அப்படி நடப்பதில்லை. கீழ் இமை மேலே ஏறும், கன்னம் அதைத் தள்ளும், புருவம் கீழே இறங்கி நடுவில் கூடும். ஆகவே வந்த வழியே திரும்ப வேண்டும். படத்தை ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக்கிவிட்டு `Liquify` திறந்து, `Forward Warp Tool`ஐ ஏறக்குறைய ஒரு கண் அளவுத் தூரிகையாக, `Pressure` 20க்குள் வையுங்கள். கீழ் இமையை இரண்டு பிக்சல் கீழே, மேல் இமையை ஒரு பிக்சல் மேலே, புருவத்தை ஒன்றிரண்டு பிக்சல் மேலே. கருவிழியின் மேல் விளிம்பு இமைக்குள் ஒளிந்தே இருக்க வேண்டும். கருவிழிக்கு மேலே வெள்ளை ஒரு கீற்றுத் தெரிந்தாலும் அம்மாவின் பேய் திரும்பி வரும்.

நம் ஆட்களின் கண் கடும் மண்நிறம், நடுப்பாவை தனியே தெரிவதில்லை. அதனால் ஓரிரு பிக்சல் இழுத்தால் பிடிபடாது. காட்டிக் கொடுப்பது ஒளிப்புள்ளிதான், அது நீண்டு அரிசிமணி மாதிரி ஆகும். இழுத்த பிறகு பழைய புள்ளியை மேலே திரும்ப வையுங்கள். வெள்ளை விழியை வெளிற வைக்கவே வேண்டாம். புருவ நிழலில் அது சாம்பலாகத்தான் இருக்கும்.

நந்திக்கடல்:
எல்லோரும் எப்படி என்று கதைக்கிறீர்கள். எனக்கு ஏன் என்பதே விளங்கவில்லை. வயலுக்குள் நாற்பது வருடம் நின்ற மனிதருக்குக் கண் சுருங்கித்தான் இருக்கும். என் அப்பாவை நான் வேறு மாதிரிப் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்தால் அது அக்காவுக்குப் பிடித்த யாரோ ஒருவர்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம். 2009இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மாமா வீட்டில் இருந்த ஒரு கூட்டப் படத்தில் அம்மா ஓரமாக நிற்கிறார், அவரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக் கொண்டு. ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கொடுத்தேன். கேட்காமலே கண்ணைத் திறந்து தந்தார்கள். வடிவான பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லை.

மல்லாவி வெட்டிங்:
அக்கா, அது அந்த ஸ்டூடியோவின் பிழை. திருத்துவதே பிழை என்று ஆகாது. வாடிக்கையாளர் கேட்கிறார், காசு தருகிறார்.

பழைய இருட்டறை:
நந்திக்கடல் அக்காவின் படத்தில் முகமே நகத்தளவு இருந்திருக்கும். கருவிழி பத்துப் பிக்சல் வந்திருந்தால் பெரிய காரியம். அதில் திறக்க ஒன்றுமில்லை. இமைக்குள்ளே இருந்தது படத்தில் பதியவே இல்லை, வேறு யாருடையதையோதான் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் நான் கண்ணைத் தொடுவதில்லை, நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுவேன், அவ்வளவுதான். மூலப் படத்தின் ஸ்கேன் இருந்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள் அக்கா.

கனகராயனின் அப்பா உயிரோடு இருக்கிறார், அளவு பார்க்க ஏழு படம் இருக்கிறது. அது வேறு கதை.

நந்திக்கடல்:
உயிரோடு இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டீர்களா?

கனகராயன்:
கேட்கவில்லை அக்கா. இரவு நாலாவது படத்தை வைத்துச் செய்து பார்த்தேன். இடைவெளி 23 வந்தது. ஆனாலும் ஏதோ கோபமாக இருக்கிறார். புருவ நடுவில் இரண்டு கோடு ஆழமாகக் கிடக்கிறது. அதை அழித்துவிடவா? இன்னொன்று, வலது கண் இடதை விடச் சின்னதாக இருக்கிறது. சமப்படுத்தலாமா?

பழைய இருட்டறை:
சமப்படுத்தாதீர்கள். வெயில் எந்தப் பக்கம் அடித்ததோ அந்தக் கண் கூடுதலாகச் சுருங்கும். `Liquify`இல் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள சங்கிலிக் குறியைக் கழற்றிவிட்டுத் தனித்தனியே தொடுங்கள், வித்தியாசம் அப்படியே இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவானால் முகமூடி மாதிரி ஆகிவிடும்.

கோபம் வந்ததற்குக் காரணம், கண் இளகியது, புருவம் இளகவில்லை. கோட்டை முழுக்க அழித்தால் நெற்றி பிளாஸ்டிக் ஆகும். தனி லேயரில் அழித்து, அந்த லேயரின் `Opacity`ஐ 40க்குக் குறையுங்கள். கோடு இருக்கும், கடுமை குறையும்.

மல்லாவி வெட்டிங்:
நாற்பது காணாது ஐயா, எழுபதாவது வேண்டும். பெரிய அச்சில் கோடுகள் இன்னும் கறுப்பாக விழும்.

பழைய இருட்டறை:
என் கண்ணுக்கு நாற்பது. ஒரு சின்ன அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். முடித்ததும் வாயையும் கன்னத்தையும் கையால் மறைத்துக் கண்ணை மட்டும் பாருங்கள், பிறகு கண்ணை மறைத்து மற்றதைப் பாருங்கள். இரண்டும் ஒரே வெயிலில் நிற்கிறதா? என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் அம்மாவிடம் காட்டுங்கள். என்னை விட அவருக்குத் தெரியும்.

கனகராயன்:
கோட்டை ஐம்பதில் விட்டேன், இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். அம்மாவிடம் காட்டினேன். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அன்றைக்குச் சரியான வெயில்" என்றார்.

அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன் நந்திக்கடல் அக்கா. திருத்தாத முதல் படத்தைத்தான் எடுத்தார். அக்காவுக்கு எதை அனுப்புவது என்று இன்னும் தெரியவில்லை.

நந்திக்கடல்:
எனக்குத் தெரியும்.

மல்லாவி வெட்டிங்:
இரண்டையும் அனுப்புங்கள் தம்பி. காசு கட்டுவது கனடா.