மச்சம் இடம் மாறிப் போன சதாபிஷேகப் படம் (போர்ட்ரெய்ட் வரையிறவங்க அனுபவத்தச் சொல்லுங்க)

காரைக்குடி தூரிகை:
போன மாசம் நடந்தது இது. பக்கத்து ஊர்ல ஒரு ஐயாவுக்கு சதாபிஷேகம், வளவுல மத்த படங்களோட வரிசையா மாட்டணும்னு 18க்கு 24 இன்ச்ல ஆயில்ல கேட்டாக. பேரன் வாட்ஸப்ல அனுப்புன ஒரே ஒரு போட்டோ தான் ரெஃபரன்ஸ், ஐயாகூட சேந்து எடுத்த செல்ஃபி, அதுல ஐயா மூஞ்சிய மட்டும் பெருசு பண்ணி க்ரிட் போட்டு வரைஞ்சேன். முடிச்சு எடுத்துட்டுப் போனா ஐயா பாத்துட்டு "அச்சு அசல் நானே தான்"ங்கறாக, ஆச்சி கொஞ்ச நேரம் பாத்துட்டு "அவுக மாதிரி தான் இருக்கு, ஆனா அவுக இல்லையே"ன்னுட்டாக. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஆச்சியே சொன்னாக, "மச்சம் இந்தப் பக்கம்ல இருக்கும், வகிடும் அந்தப் பக்கம் எடுத்திருக்கீக"ன்னு. ஐயாவ நேர்ல உக்கார வச்சுப் பாத்தா ஆமா, மச்சம் அவுக வலது கண்ணுக்குக் கீழ, வகிடு இடது பக்கம். செல்ஃபி கண்ணாடி மாதிரி திரும்பி சேவ் ஆயிருக்கு.

இங்க தான் நான் பெரிய தப்பு பண்ணேன். சரி, மச்சத்தையும் வகிட்டையும் மட்டும் மாத்திட்டா போச்சுன்னு வீட்டுக்குக் கொண்டுவந்து மாத்தினேன். முன்னாடி இருந்தத விட மோசமாப் போச்சு. இந்த மாதிரி யாருக்காவது ஆயிருக்கா?

பள்ளத்தூர் மாப்பிள்ளை:
ஆம்பளைக்கு வலது பக்கம் மச்சம் நல்லதுன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக, வலது பக்கம் வந்திருச்சுன்னா சந்தோசப்பட வேண்டியது தான?

காரைக்குடி தூரிகை:
அண்ணே நான் மச்ச பலன் கேக்கல 😅

ஆயில் பெயிண்டிங் புதுசு:
ஃப்ரண்ட் கேமரால எடுத்தா எல்லாமே திரும்பித் தான் சேவ் ஆகும். செல்ஃபி வந்தா மொத வேலையா ஃப்ளிப் பண்ணிருங்க, முடிஞ்சது. நான் அப்டி தான் பண்றேன்.

தேவகோட்டை ஸ்டுடியோ:
தம்பி, எடுக்கும்போது ஸ்கிரீன்ல தெரியிறது கண்ணாடி மாதிரி தான். ஆனா சேவ் ஆகுறது போனுக்குப் போன் வேற, ஆப்புக்கு ஆப் வேற. ஐஃபோன் கேமரா நேரா தான் சேவ் பண்ணும், செட்டிங்ஸ்ல Mirror Front Camera ஆன் பண்ணிருந்தா மட்டும் திரும்பி வரும். கண்ணை மூடிக்கிட்டு ஃப்ளிப் பண்ணா நேரா இருந்த போட்டோவ நீங்களே திருப்பி விட்டுருவீங்க. அடுத்து யாரயாவது வரைஞ்சா, அவரு வீட்டுக்காரம்மாட்ட காட்டிப் பாருங்க.

தூரிகைக்கு வர்றேன். நீங்க மச்சத்த மாத்துனப்ப ஏன் மோசமாச்சு தெரியுமா? ஐயாவுக்கு எந்தக் கண்ணு இமை சரிஞ்சிருக்கும்னு பாத்தீங்களா?

காரைக்குடி தூரிகை:
பாத்தேன்ணே, அதான் சொல்ல வந்தேன். அவுகளுக்கு இடது கண்ணு இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். அதாவது நிஜத்துல மச்சம் ஒரு பக்கம், இறங்குன இமை எதிர்ப் பக்கம். திரும்புன போட்டோலயும் அது ரெண்டும் எதிரெதிர் தான், பக்கம் மட்டும் மாறியிருக்கு. நான் மச்சத்த மட்டும் தூக்கி அங்கிட்டு வச்சதும் ரெண்டும் ஒரே பக்கம் வந்திருச்சு. அப்டி ஒரு மூஞ்சி ஐயாவுக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல, கண்ணாடிலயும் இல்ல நேர்லயும் இல்ல.

வகிடும் அதே கதை. கோடு மட்டும் மாறுச்சு, ஆனா நெத்தில முடி ஏறிப்போன மூலை ஒரு பக்கம் ஜாஸ்தி, அது பழைய எடத்துலயே நின்னுச்சு. சிரிச்சா ஒதட்டோரம் ஒரு பக்கம் தான் மேல போகும், அதுவும் மாறல. தனித்தனியா பாத்தா எதுவும் தப்பாத் தெரியல, மொத்தமா பாத்தா ஐயாவோட தம்பி மாதிரி இருந்துச்சு.

தேவகோட்டை ஸ்டுடியோ:
இன்னொண்ணும் நடந்திருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கம்?

காரைக்குடி தூரிகை:
ஆமாண்ணே! போட்டோல மச்சம் இருந்த கன்னம் வெளிச்சப் பக்கம். மாத்துன கன்னம் நெழல்ல இருக்கு. நான் அதே கறுப்பு, அதே ஓரத்தோட வச்சேன், ஒட்டுப் பொட்டு ஒட்டுன மாதிரி தனியா நின்னுச்சு. நெழல்ல மச்சம் அவ்ளோ எடுப்பாத் தெரியாதுல்ல, தோலோட மங்கிக் கெடக்கும்.

கடைசில மூஞ்சி முழுக்க சுரண்டிட்டு, போட்டோவ மொத்தமா ஃப்ளிப் பண்ணி ஏ4ல பிரிண்ட் எடுத்து திரும்ப க்ரிட்ல இருந்து ஆரம்பிச்சேன். மொத்தமா திருப்புனா வெளிச்சமும் கூடவே திரும்பிரும், நெழலுக்குத் தனியா மண்டைய ஒடைக்க வேணாம். துண்டு கெடக்குற தோளும் மாறுச்சு, ஆச்சி அதப் பாத்துட்டு "இந்தத் தோள்ல தான் எப்பவும் போடுவாக"ன்னாக. அத நான் கேக்கவே இல்ல.

கானாடுகாத்தான் பேத்தி:
எனக்கு இதுல ஒரு டவுட்டு தீந்துச்சு, ஐயா ஏன் "நானே தான்"னு சொன்னாகன்னு. அவுக தன் மூஞ்சிய கண்ணாடில தான பாத்திருக்காக, 80 வருசமா. ஆச்சி நேரா பாத்திருக்காக. 1977லயே இதப் பத்தி ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, ஆளுக்கு தன்னோட திரும்புன படம் தான் பிடிக்குது, கூட இருக்கவங்களுக்கு நேர் படம் தான் பிடிக்குதுன்னு.

என் கதை வேற. கல்யாணத்தன்னிக்கு எங்க வீட்டு பெல்ஜியம் கண்ணாடி முன்னாடி என்ன நிக்க வச்சு, கண்ணாடிக்குள்ள தெரியிற மூஞ்சிய மட்டும் எடுத்தாங்க, அழகா வந்துச்சு. அத வச்சு ஒருத்தர்ட்ட வரையக் குடுத்தோம். மூக்குத்தி எதிர்ப்பக்கம் வந்திருச்சு, எனக்கு ஒரு வருசம் தெரியவே இல்ல! எங்க அம்மா தான் கண்டுபிடிச்சாங்க. பேக் கேமரால எடுத்தது, அதனால யாருக்கும் சந்தேகமே வரல.

ஆயில் பெயிண்டிங் புதுசு:
அப்ப வர்ற போட்டோ நேரா திரும்பியான்னு எப்டித் தான் கண்டுபிடிக்கிறது? கேட்டா கஸ்டமருக்கே தெரியமாட்டேங்குது.

தேவகோட்டை ஸ்டுடியோ:
க்ராப் பண்ணாத போட்டோவ கேட்டு வாங்குங்க, அது தான் முதல் வேலை. பின்னாடி காலண்டர், கடை போர்டு, பனியன்ல எழுத்து எதாவது இருந்தா ஒரே பார்வைல முடிஞ்சுது. ஆம்பள சட்டைனா பாக்கெட் அவர் இடது நெஞ்சுல இருக்கணும், பட்டன் தச்சது அவர் வலது பக்கம், காஜா இடது பக்கம். கடிகாரம் கட்டுன கைய நம்பாதீங்க, வலது கைல கட்டுறவங்க இருக்காங்க. பொம்பளைங்க முந்தானையயும் வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, பழைய ஆச்சிமார் பின்கொசுவம் கட்டுற கட்டு வேற. இது எதுவும் இல்லன்னா, வேற நாள்ல வேற ஒருத்தர் பேக் கேமரால எடுத்தது ஒண்ணு வாங்கி ஒத்துப் பாருங்க. ரெண்டையும் பாத்து வரையிறதா இருந்தா ரெண்டும் ஒரே பக்கம்னு உறுதி பண்ணிட்டு பென்சில தொடுங்க, இல்லாட்டி கண்ணு ஒரு போட்டோல இருந்தும் வாய் இன்னொண்ணுல இருந்தும் எதிரெதிரா வந்து உக்காந்துரும்.

பழைய போட்டோவ மட்டும் அப்டியே நம்பிராதீங்க. பிலிம் நெகடிவ்ல மங்கலான பக்கம் ஒண்ணு இருக்கும், அது பேப்பரப் பாத்து இருக்கணும், என்லார்ஜர்ல மாத்திப் போட்டா பிரிண்டே திரும்பி வந்துரும். நானே ரெண்டு தடவ பண்ணிருக்கேன், ஒண்ணு இன்னும் ஒரு வீட்டு முகப்புல தொங்குது, எந்த வீடுன்னு சொல்ல மாட்டேன்.

கானாடுகாத்தான் பேத்தி:
எங்க வீடா இருக்கப் போகுது அண்ணே 😭

காரைக்குடி தூரிகை:
இப்ப நீங்க வயித்துல புளியக் கரைக்கிறீங்க. அடுத்த ஆர்டர் அதே ஐயாவோட அப்பச்சி. ஒரே ஒரு பழைய போட்டோ, சட்டை இல்ல, வெறும் துண்டு, பின்னாடி வெறும் திரை, எழுத்து ஒண்ணும் இல்ல. வகிடு வலது பக்கம் இருக்கு. ஐயாட்ட கேட்டா "இடதுன்னு ஞாபகம்"ங்கறாக, அவுக தங்கச்சி ஆச்சி "வலது தான்"னு அடிச்சு சொல்றாக. யாரு சொல்ற பக்கத்த நம்புறதுன்னு தெரியல.

தேவகோட்டை ஸ்டுடியோ:
நெகடிவ் இருக்கான்னு பொட்டிய ஒரு தடவ தேடச் சொல்லுங்க. இல்லாட்டி கல்யாண க்ரூப் போட்டோ எதுலயாவது ஓரமா நிக்கிறாகளான்னு பாருங்க, கூட்டத்துல எவனாவது ஒருத்தன் சட்ட போட்டிருப்பான்.