புதுப்பிப்பு: ஒரு வீடு காலி, வாடகை மட்டும் முழுசாக வந்த கணக்கு

நான் முதலில் கேட்டது: "எட்டு வீடும் ஒரே வாடகை. மேலாளர் அனுப்பிய மாத அறிக்கையில் ஒன்று காலி என்கிறார், ஆனால் வரவு எட்டு வீட்டு வாடகைக்குச் சமமாக இருக்கிறது. எப்படி?"

யாரோ முன்கூட்டியே கட்டியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், மொத்தத் தொகையை விட்டுவிட்டு வீடு வாரியாக வர வேண்டியது, வந்தது, பாக்கி என மூன்று பத்தி கேட்கச் சொன்னார். அதைக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. ஏழு வீடுகளில் ஆறுதான் வாடகை தந்திருக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர் கொடுத்த இரண்டு மாத முன்பணம் வாடகை வரவில் சேர்ந்துவிட்டது. அது திருப்பித் தர வேண்டிய பணம், வருமானமே இல்லை. வசூலில் சதவீதமாக எடுக்கும் கமிஷனை மேலாளர் அதற்கும் எடுத்திருக்கிறார்! தெரியாமல் நடந்தது என்கிறார். சரி, அடுத்த மாதக் கணக்கில் கழிப்பதாக ஒப்புக்கொண்டார்.

காலி வீட்டைப் பற்றி அறிக்கையில் "1" என்று மட்டும் இருந்தது. தேதி கேட்டேன்: 47 நாளாகக் காலி. அதில் 20 நாள் பெயின்ட் அடிக்க ஆள் வராமல் போனவை.

மோட்டார் பழுதுக்கு இரண்டு வாரத்தில் இரண்டு பில். ஒரே கோளாறா என்று கேட்டிருக்கிறேன், மாற்றிய பாகத்தின் படம் இன்னும் வரவில்லை.

வாடகைதாரரைக் காலி செய்வது எப்படி என்று கேட்டிருந்தவருக்கு: அது வேறு கதைங்க, தனியாகக் கேளுங்கள்.